ஒருத்தியிடம் மட்டும்

இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பொழுது விடிந்தால் தொடங்கிவிடும். "ரெண்டு பேரும் இங்க வாங்க." "தண்ணியில கை வைக்காதீங்க." "சாப்பிட்டாச்சுல்ல, எந்திரிங்க." வேலை நடக்க இந்தப் பேச்சு வேண்டும். ஆனால் இதில் ஒரு வாக்கியம்கூட ஒருத்திக்கென்று சொல்லப்பட்டதில்லை. என் பெண்களுக்கு ஒன்றரை வயதானபோது இதைக் கவனித்தேன். அதன்பின் இந்த நோட்டில் எழுதிவந்ததெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்: இருவர் இருக்கும் வீட்டில் ஒருத்தியிடம் பேசுவது.

அம்மு, பொம்மி என்று வீட்டில் கூப்பிடுகிறோம். இருவரும் ஒரே அச்சு இல்லை. இரண்டு தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து வந்தவர்கள். இரண்டு வருட இடைவெளியில் பிறந்த அக்கா தங்கைக்குள் மரபணுவில் எவ்வளவு ஒற்றுமை இருக்குமோ, சராசரியாக அவ்வளவுதான் இப்படிப் பிறந்தவர்களுக்குள்ளும் இருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வருகிற யாரும் அக்கா தங்கையைப் பார்ப்பதுபோல் இவர்களைப் பார்ப்பதில்லை. பிறந்த நாள் ஒன்று என்பதால் எல்லாமே ஒன்றாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒன்றாக நடக்காவிட்டால் ஒருத்தி முந்தி, மற்றவள் பிந்தி.

*

மைக்கேல் டோமசெல்லோவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1986-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் இரட்டைக் குழந்தைகளிடமும், தனியாகப் பிறந்த குழந்தைகளிடமும் தாய்மார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். இரட்டையரின் தாய் குறைவாகப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் நேராகப் போய்ச் சேர்ந்த பேச்சு குறைவாக இருந்தது. உரையாடல்கள் சீக்கிரம் அறுந்தன. தாயும் குழந்தையும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு அதைப் பற்றியே பேசும் நேரம் குறைந்திருந்தது. "செய், செய்யாதே" என்னும் ஏவல்கள் கூடியிருந்தன.

பிறகு இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டர், கேரன் தார்ப் முதலானோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு வந்தது. அதில் இரட்டையரை, நெருக்கமான இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டார்கள். கைக்குழந்தை இரண்டு இருந்தால் எந்தத் தாயும் திணறத்தான் செய்வாள் என்ற காரணத்தைக் கழித்துவிடத்தான் இந்த ஏற்பாடு. 20 மாத வயதில் இரட்டையரின் பேச்சு சராசரியாக 1.7 மாதம் பின்தங்கியிருந்தது. மூன்று வயதில் அது 3.1 மாதமாகியிருந்தது. பிரசவச் சிக்கல்கள் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. தாயும் குழந்தையும் பேசிப் பழகும் விதத்தில் இருந்த வேறுபாடுதான் பெருமளவு காரணமாகத் தெரிந்தது.

மூன்று மாதம் என்பது பெரிய குறையில்லை. பெரும்பாலான குழந்தைகள் எட்டிப்பிடித்துவிடுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிறப்பில் வந்த குறையென்றால் நான் செய்ய ஒன்றுமில்லை. பேச்சின் போக்கில் வருவதென்றால் அந்தப் போக்கு என் கையில், என் அடுப்படியில், குளியலறை வாசலில் இருக்கிறது.

*

எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அம்மு சீக்கிரம் பேச ஆரம்பித்தாள். பொம்மி ஒன்றைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும், அம்மு வந்து, "அவளுக்குத் தண்ணி" என்பாள். நாங்கள் தண்ணீர் கொடுப்போம். பொம்மிக்கு வேண்டியது கிடைத்துவிடும். அம்முவுக்குப் பாராட்டும் கிடைக்கும். "எப்படிப் புரிஞ்சுக்குறா பாரு!" என்று அத்தைக்குப் பெருமை. பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அங்கே பொம்மி பேச வேண்டிய தேவை ஒவ்வொரு முறையும் அவள் வாய் திறக்கும் முன்பே தீர்ந்துபோகிறது.

இதைத் தடுக்க அம்முவின் வாயை அடைக்கக் கூடாது. அவள் செய்வது அன்பு. எங்களுக்குப் பயன்பட்ட வழி எளிமையானது. அம்மு சொன்னதும், "சரிடா, கேட்டேன்" என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, பொம்மி பக்கம் திரும்பி, அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து, "பொம்மி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பது. கேட்டபின் பேசாமல் இருப்பது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிற அளவு நேரம் போதும். ஆனால் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த ஐந்து மிக நீளமானது. இன்னொருத்தி அதற்குள் பத்து சொல் சொல்லிவிடுவாள், அல்லது அடுப்பில் பால் பொங்கும். பொம்மி "த" என்று சொன்னாலும் அதை எடுத்துக்கொண்டு, "தண்ணியா? இந்தா தண்ணி, சில்லுன்னு இருக்கு" என்று அந்த ஒலியோடு ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக் கொடுப்போம். திருத்துவதில்லை. திரும்பச் சொல் என்று கேட்பதுமில்லை.

தனி நேரம் என்று யோசித்தபோது நாங்கள் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இருக்கிற வேலைகளைப் பிரித்தோம். ஒருத்தியைக் குளிப்பாட்டித் துவட்டும்போது இன்னொருத்தி அப்பாவோடு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போவாள். மறுநாள் மாறும். துவட்டுகிற அந்தப் பத்து நிமிடத்தில் நான் பேச்சைத் தொடங்குவதில்லை. அவள் எதைப் பார்க்கிறாளோ அங்கிருந்து தொடங்குவேன். அவள் பல்லியைப் பார்த்தால் பல்லி. நான் பவுடர் டப்பாவைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இருவரும் பேசும் பேச்சாகாது.

இந்த நேரம் எப்போது கெட்டுப்போகும் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பின்தங்கியவள் என்று மனதில் வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தால், பேச்சு தேர்வாகிவிடும். "இது என்ன கலர்? இது யாரு? இது என்ன சொல்லு?" குழந்தை இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும், மூன்றாவதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகத்தைத் திருப்புவதுதான் அடையாளம். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு, நடப்பதைச் சும்மா சொல்லிக்கொண்டிருந்தால் போதும்: "இப்ப இந்தக் கையைத் துடைக்கிறேன், விரலுக்கு நடுவுல ஈரம் இருக்கு."

"ரெட்டைப் புள்ளைங்கன்னா லேட்டாதான் பேசும்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆய்வும் ஓரளவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு குழந்தையின் காது கேளாமை ஒளிந்துகொள்ள முடியும். இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் செவித்திறனைப் பார்த்துவிட வேண்டும். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வந்தவை. கூடப் பிறந்தவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது இவளுடைய காதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

*

லூரியா என்ற ரஷ்ய உளவியலாளரும் யூதோவிச்சும் எழுதிய சிறு புத்தகம் ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். ஐந்து வயது இரட்டைச் சிறுவர்கள். ஒரே உருவம். தங்களுக்குள் மட்டும் புரியும் பேச்சிலேயே நாளைக் கழித்தவர்கள். இருவரையும் மழலையர் பள்ளியில் வேறு வேறு குழுக்களில் விட்டார்கள். மூன்றே மாதத்தில் இருவரின் பேச்சும், அதோடு விளையாட்டும் வெகுவாக மாறின. ஒருவனுக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் பெரிய மாற்றம் இருவருக்குமே வந்தது, பயிற்சி பெறாதவனுக்கும். தங்களைப் புரிந்துகொள்ளாத பிள்ளைகளிடம் பேசியாக வேண்டிய நிலை வந்ததே காரணம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ஜோடியை வைத்துச் சொன்னது இது. அதிலிருந்து எல்லா இரட்டையரையும் பிரித்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். கூடவே இருப்பவள் எல்லாவற்றையும் சொல்லாமலே புரிந்துகொள்வாள். அதனால் புரியாத ஒருவரும் குழந்தைக்கு வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் பக்கத்துத் தெரு பெரியம்மா. பொம்மியை மட்டும் பூக்கட்டும் நேரத்தில் அங்கே விட்டு வருவேன். பெரியம்மாவுக்கு அவள் கையசைவின் அர்த்தம் தெரியாது. "என்னடி கேக்குற?" என்பார். பொம்மி சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். இரட்டையரை ஒப்பிடுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஒருத்தியை இறக்கியதும் இன்னொருத்தியை ஏற்றுகிறார்கள். எண்கள் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. வரிசையில் நிற்கிற எல்லோரும் கேட்கிறார்கள்.

அம்மு பிறந்தபோது 2.3 கிலோ, பொம்மி 1.8. வித்தியாசம் அரைக் கிலோ; அதைப் பெரிய குழந்தையின் எடையால் வகுத்தால் ஏறக்குறைய 22 சதவீதம். 20 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதைத் தனியே குறித்துக்கொள்வார்கள். இருவரும் 35 வாரத்தில் பிறந்தவர்கள். 40 வாரத்துக்கு ஐந்து வாரம் குறைவு என்பதால், இரண்டு வயது வரை எந்த வளர்ச்சியைப் பார்த்தாலும் அந்த ஐந்து வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ரெண்டு கோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்கம்மா. ஒவ்வொரு கோட்டுக்கும் அதோட போன மாசத்தைப் பாருங்க."

அந்தச் சொல்லின் அர்த்தம் பதினான்காம் மாதத்தில் புரிந்தது. பொம்மி எட்டுக் கிலோ. அம்மு 9.1. பார்க்கிறவர்கள் எல்லோரும் பொம்மிக்குத்தான் வைத்தியம் சொன்னார்கள். கேழ்வரகுக் கூழ் கொடு, நெய் சேர், நேந்திரம்பழப் பொடி கொடு. ஆனால் அட்டையில் பொம்மியின் கோடு தாழ்வாக இருந்தாலும் மாதா மாதம் தன் போக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அம்முவின் கோடு முந்தைய மாதமும் 9.1, அந்த மாதமும் 9.1, அடுத்த மாதம் 9.0. படுத்துக் கிடந்த கோடு மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தது. அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தங்கையைவிட ஒரு கிலோ கூட இருக்கிறவளுக்கு என்ன கவலை? மருத்துவர் பார்த்து, உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாளைக்குத் துத்தநாக மருந்தும் கொடுத்து, சாப்பாட்டை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார். கோடு மறுபடி ஏறியது.

ஒப்பிடுவதால் பின்தங்கிய குழந்தையின் மனம் வருந்தும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் ஒப்பீடு கண்ணையும் மறைக்கிறது. இருவரில் நன்றாக இருக்கிறவள் யார் என்று தெரிந்ததும் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

நடை விஷயமும் அப்படியே. குழந்தைகள் பிடிக்காமல் தனியே நடக்க ஆரம்பிக்கும் காலத்தை உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டது. 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பது மாதத்துக்கும் மேல் அகலமான வாசல் அது. அதற்குள் ஒருத்தி பதினோராம் மாதத்திலும் இன்னொருத்தி பதினைந்திலும் நுழைந்தால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. தனிக் குழந்தையாக இருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

*

பெயர் சூட்டுவது மூன்று வயதுக்குமேல் தொடங்குகிறது. "இவ அமைதி, அவ வாலு." "இவளுக்குப் படிப்பு வரும், அவளுக்குப் பாட்டு." சொல்கிறவர்கள் ஒருத்தியையும் குறைக்க நினைப்பதில்லை; ஆளுக்கொன்று பங்கு வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பங்குதான் சிக்கல். ஃபிரான்சஸ் ஷாக்டர் 1970-களில் உடன்பிறந்தோரை ஆராய்ந்து எழுதினார்: ஒரே வீட்டுப் பிள்ளைகள், அதிலும் ஒரே பாலினத்தவர், ஒருவர் எடுத்துக்கொண்ட இடத்தை மற்றவர் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள். போட்டியைத் தவிர்க்கிற வழி அது. அம்மு நன்றாக வரைகிறாள் என்று பொம்மி காதுபட நான்கு முறை சொன்னால், பொம்மி வண்ணப் பென்சிலைத் தொடாமல் போகலாம். அவளுக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. வரைவது அம்முவின் வேலை என்று அவள் புரிந்துகொண்டாள்.

பெரிய பிள்ளைகளிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஜென்சனும் மெக்ஹேலும் 2015-இல் வெளியிட்டது, இன்னும் யோசிக்க வைக்கும். இரட்டையர் அல்ல, ஒரே வீட்டின் மூத்த, இளைய பிள்ளைகள். இருவரில் யார் படிப்பில் கெட்டி என்று பெற்றோர் நம்பினார்களோ, அடுத்து வந்த மதிப்பெண்களின் வித்தியாசம் அந்த நம்பிக்கையின் திசையிலேயே விரிந்தது. வாயால் சொல்லாத நம்பிக்கையும் எப்படியோ போய்ச் சேர்கிறது போலிருக்கிறது.

எனவே வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பாராட்டுவதாக இருந்தால் செய்த பொருளைப் பற்றிப் பேசுவது, ஆளைப் பற்றிப் பேசாமல். "இந்த மாட்டுக்குக் கொம்பு நல்லா வளைஞ்சிருக்கு, கால் ஏன் பச்சையா இருக்கு?" என்றால் அம்முவுக்குப் பேச ஒன்று கிடைக்கும். பொம்மிக்கும் பச்சைக் காலைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். "இவதான் ஆர்ட்டிஸ்ட்" என்றால் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. உறவினர்கள் முன் இது கடினம். அத்தையிடம் நான் விவாதிப்பதில்லை. அவர் "இவதான் அமைதி" என்றால், "இன்னிக்கு அமைதியா இருக்கா அத்தை" என்பேன். இப்போது அவரே சில சமயம் "இன்னிக்கு" சேர்த்துக்கொள்கிறார்.

*

சமமாகக் கொடுப்பது பற்றி. கடிகாரம் வைத்து நேரத்தைப் பிரித்தால் குழந்தைகளும் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். பொம்மிக்குக் காய்ச்சல் வந்து மூன்று இரவு என் மடியிலேயே கிடந்தபோது அம்முவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதை ஈடுகட்டப் பிற்பாடு மூன்று இரவு அவளை மடியில் வைத்துக்கொண்டால் அது கணக்குத் தீர்ப்பதாகும். அவளுக்கு வேண்டியிருந்தது காரணம். "அவளுக்கு உடம்பு சரியில்ல, அதனால அம்மா அங்க இருக்கேன். உனக்குக் காய்ச்சல் வந்தப்பவும் இப்படித்தான் இருந்தேன்." கோவலும் கிரேமரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வேறுபடுத்தி நடத்துவதைப் பல பிள்ளைகள் நியாயம் என்றே எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். அவர்கள் கேட்டது பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம். அப்படி எடுத்துக்கொள்ளும்போது உறவில் கசப்பும் குறைந்திருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நான் என் வீட்டில்தான் பார்த்துக்கொண்டேன். அம்மு கேட்டுவிட்டு, "அப்ப அவ கால்கிட்ட நான் படுத்துக்கவா?" என்றாள்.

*

பள்ளியில் ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரிக்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான இரட்டையரைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே வகுப்பில் படித்தவர்களுக்கும் பிரிந்து படித்தவர்களுக்கும் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மதிப்பெண்ணுக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்கிறாளா, ஒருத்தி இல்லாமல் மற்றவள் சாப்பிடாமல் இருக்கிறாளா, ஒரே ஆசிரியை இருவரின் நோட்டையும் அடுத்தடுத்துத் திருத்தும்போது என்ன சொல்கிறார், இவற்றைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பெண்களைப் பிரித்தோம். கிடைத்த பெரிய லாபம், மாலையில் இருவரிடமும் மற்றவளுக்குத் தெரியாத செய்தி இருந்ததுதான். பொம்மி தன் வகுப்பில் ஒரு பையன் ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸைத் தவறவிட்ட கதையை முழுவதும் சொன்னாள். இடையில் திருத்த யாருமில்லை; அங்கே இருந்தவள் அவள் மட்டும்தானே.

மதிப்பெண் அட்டை வரும் நாளில் இரண்டையும் ஒரே மேசையில் விரிப்பதில்லை. ஒருத்தியோடு ஒன்று, அவளுடைய போன பருவத்து அட்டையை அருகில் வைத்து. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் அப்பா ஒரு வகுப்புக்கும் நான் ஒரு வகுப்புக்கும் போய், அடுத்த முறை மாற்றிக்கொள்கிறோம்.

வரும் ஜூனில் மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பிரிவுகளை ஒன்றாக்கப்போவதாகவும், வேண்டுமென்றால் ஒருத்தியை மாலை நேரப் பிரிவுக்கு மாற்றித் தரலாம் என்றும் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அம்மு சொல்லிவிட்டாள், பொம்மிக்கும் சேர்த்து. சனிக்கிழமை அம்மு அவள் அப்பாவோடு ரேஷன் கடைக்குப் போவாள். அப்போது பொம்மியிடம் கேட்கப்போகிறேன்.